நாடியை எண்ணும் வகுப்பில் கணக்கு எங்கே பிசகுகிறது?

"ஐந்தாம் வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு, ஸ்கிப்பிங் ஆடுவதற்கு முன்பும் பின்பும் நாடித்துடிப்பை எண்ணும் செயல்பாட்டை நடத்தினேன். மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொன்னேன். ஐந்து பேருக்கு ஆடிய பிறகு துடிப்பு குறைந்திருக்கிறது. ஆடிய பிறகு ஒருவன் 40 என்றும் ஒருத்தி 210 என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆடுவதற்கு முன் எண்ணியதில் ஏழெட்டுப் பேர் 72 என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே தவறு? அடுத்த முறை எப்படி நடத்துவது?"

முதலில் அந்த 40-ஐயும் 210-ஐயும் பார்ப்போம். 15 விநாடியில் எண்ணியதை நான்கால் பெருக்கினால் விடை கட்டாயம் நான்கால் வகுபடும். 210 நான்கால் வகுபடாது. எனவே அந்தச் சிறுமி எண்ணியது எதுவாக இருந்தாலும், பெருக்கலில் பிசகியிருக்கிறாள் அல்லது பக்கத்தில் யாரோ சொன்ன எண்ணை வாங்கி எழுதியிருக்கிறாள். 40 வேறு கதை. நான்கால் வகுபடுகிறது, ஆனால் ஆடி முடித்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 40 துடிப்பு என்பது நடக்காத காரியம். அந்தப் பையன் பெருக்கவே மறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 15 விநாடியில் 40 என்றால் நிமிடத்துக்கு 160. ஒரு நிமிடம் கயிறு தாண்டிய பத்து வயதுப் பையனுக்கு இது மிகப் பொருத்தமான எண். உங்கள் வகுப்பிலேயே நன்றாக எண்ணியவன் அவனாகக்கூட இருக்கலாம்.

இதை இப்போது உறுதிசெய்ய வழியில்லை, ஏனென்றால் பிள்ளைகள் பெருக்கி வந்த விடையை மட்டுமே எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை நோட்டில் இரண்டு கட்டம் போடச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் 15 விநாடியில் எண்ணியது, இரண்டாவதில் நான்கால் பெருக்கியது. பெருக்கல் வேலையை எல்லா எண்ணிக்கையும் முடிந்து வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் முப்பத்தெட்டை நான்கால் பெருக்கச் சொல்வது வீண் வேலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் பெருக்கவே வேண்டாம். முன்பு 23, பின்பு 39 என்று ஒப்பிட்டாலே சொல்ல வந்தது விளங்கிவிடும்.

எண் இடம்பெறும் மூன்றாவது சிக்கல் 72. அது பெரியவர்களுக்குச் சராசரியாகச் சொல்லப்படும் எண். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு, விழித்திருந்து ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 முதல் 118 வரை துடிப்பது இயல்பு. ஐந்தாம் வகுப்பில் 80-களிலும் 90-களிலும்தான் பெரும்பாலான எண்கள் வந்து விழும். ஏழெட்டுப் பேருக்கு அச்சாக 72 வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அந்த எண்ணை எங்கோ கேட்டிருக்கிறார்கள், அதுதான் 'சரியான விடை' என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே எண்ணி முடிக்கும்வரை எந்த எண்ணையும் வாயால் சொல்லாதீர்கள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு உங்கள் நாடியையும் எண்ணிக் கரும்பலகையில் எழுதுங்கள். உங்களுக்கு 76, பிள்ளைகளுக்கு 92, 88, 96 என்று வந்தால் ஏன் என்று அவர்களே கேட்பார்கள். சிறிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தம் குறைவு, அதனால் அடிக்கடி துடிக்க வேண்டியிருக்கிறது என்பது விடை. யானைக்கு நிமிடத்துக்கு முப்பது அளவில் துடிக்கிறது, சுண்டெலிக்கு ஐந்நூறைத் தாண்டும் என்று சேர்த்துச் சொன்னால் அன்றைக்கு வகுப்பு உங்கள் கையில்.

இனி, ஆடிய பிறகு துடிப்பு குறைந்ததாகக் காட்டிய ஐந்து பேர். இதற்கு இரண்டு பக்கமும் காரணம் இருக்கலாம்: 'முன்' எண் கூடுதலாக வந்திருக்கலாம், 'பின்' எண் குறைவாக வந்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

'முன்' எண் ஏன் கூடுகிறது? மைதானத்துக்கு வரிசையாகப் போகச் சொன்னாலும் பிள்ளைகள் ஓடித்தான் போவார்கள். போனதும் எண்ணச் சொன்னால் அது ஓடியவனின் நாடி. அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. கையில் கயிறு வந்துவிட்டாலே, 'இப்போது ஆடப்போகிறோம்' என்ற எண்ணத்திலேயே துடிப்பு ஏறத் தொடங்கிவிடும். ஓட்டப் பந்தயக் கோட்டில் நிற்பவனுக்கும் இதே நிலைதான். எனவே 'முன்' எண்ணிக்கையை வகுப்பறையில், கயிறுகளை வெளியே எடுப்பதற்கு முன், ஐந்து நிமிடம் உட்கார வைத்து எடுத்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பத்தி வாசிக்கக் கொடுக்கலாம். ஒருமுறை எண்ணினால் போதாது. மூன்று முறை எண்ணி, மூன்றில் நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 23, 22, 27 என்று வந்தால் 23. முதல் முறை பெரும்பாலும் ஒத்திகையாகவே முடியும், மூன்றாவது முறைக்குள் விரல் பழகிவிடும்.

எந்தப் பாடவேளை என்பதும் முக்கியம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஓய்வுத் துடிப்பே சற்றுக் கூடும், குதித்தால் வயிறும் வலிக்கும். காலை உணவுத் திட்டம் நடக்கும் பள்ளி என்றால் முதல் பாடவேளையைத் தவிர்த்து, பதினோரு மணி இடைவேளைக்கு முன்பு வரும் பாடவேளையை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் ஓரளவு செரித்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மதிய உணவுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம்.

அடுத்து, நாடியைக் கண்டுபிடிப்பது. உள்ளங்கை மேலே பார்க்க, முன்னங்கையைத் தொடையின் மீது தளர்வாக வைக்க வேண்டும். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் இறங்கினால் ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்கும் நடுவில் ஓடும் நரம்பு போன்ற தசைநாணுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் இருக்கும். அங்கே ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓர் அழுத்தத்தில் துடிப்பு தெரியும். அதற்கு மேல் அழுத்தக் கூடாது. பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு இதுதான்: கிடைக்கவில்லை என்றால் இன்னும் பலமாக அழுத்துவார்கள், இரத்தக்குழாய் நசுங்கித் துடிப்பு அடியோடு மறைந்துவிடும். 'டீச்சர், எனக்கு நாடியே இல்லை' என்று கண் கலங்கும் பிள்ளையிடம் விரலைத் தளர்த்தச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே கிடைத்துவிடும்.

கட்டைவிரலால் தொடக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு என்று எல்லோரும் சொல்வோம். அந்த விதி அடுத்தவர் நாடியைப் பார்க்கும்போதுதான் முழுப் பொருளோடு நிற்கிறது. தன் நாடியைத் தானே எண்ணும் பிள்ளைக்குக் கட்டைவிரலில் துடிப்பதும் அதே இதயம்தான், எண் மாறாது. இருந்தாலும் கட்டைவிரல் வசதியாக உட்காராது என்பதால் இரண்டு விரல் பழக்கத்தையே கற்றுக்கொடுங்கள்.

மணிக்கட்டில் கிடைக்கவே கிடைக்காத பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். மற்றக் கையில் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் இல்லையென்றால் கழுத்தில், தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கவாட்டில் பார்க்கலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும், மிக மெதுவாக. கழுத்தில் அந்த இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் ஓர் அமைப்பு இருக்கிறது. அழுத்தினால் இதயத்துடிப்பே குறையும், தலையும் சுற்றலாம். இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடிக்க விடவே கூடாது. நெஞ்சில் கை வைத்து எண்ணுவது ஆடிய பிறகு எளிது, ஓய்வில் பலருக்குத் தெரியாது. எந்த இடத்தில் 'முன்' எண்ணினார்களோ அதே இடத்தில்தான் 'பின்' எண்ண வேண்டும். புனலும் குழாயும் வைத்து நெஞ்சொலி கேட்கும் செயல்பாட்டையும் இதோடு கலக்காதீர்கள். 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் தாளைச் சுருட்டிக் கேட்டதிலிருந்து தொடங்கியது அந்தக் கதை, சொல்ல நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு ஒலி கேட்கும். பிள்ளைகள் இரண்டையும் எண்ணி, உட்கார்ந்த இடத்திலேயே 180 என்பார்கள்.

இங்கே ஒரு சிறு உத்தி மொத்தச் செயல்பாட்டையும் காப்பாற்றும். ஓய்வில் நாடி கிடைத்ததும், கிடைத்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆடி முடித்ததும் தேட வேண்டியதில்லை, விரல் நேராகப் புள்ளிக்குப் போய்விடும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 'பின்' எண்ணின் கதைக்கு வர வேண்டும்.

ஆட்டம் நின்ற கணத்திலிருந்தே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும், அதுவும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாக இறங்கும். ஓய்வில் இருக்கும்போது மூளையிலிருந்து வரும் ஒரு நரம்பு இதயத்தைக் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறது. ஆடத் தொடங்கியதும் அந்தப் பிடி தளர்கிறது, அதனால்தான் முதல் சில விநாடிகளிலேயே துடிப்பு ஏறுகிறது. ஆட்டம் நின்றதும் பிடி மீண்டும் இறுகுகிறது. ஆகவே 'ஆடிய பிறகு எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நின்று எத்தனை விநாடி கழித்து எண்ணினோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஒரு சிறுமியின் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். ஓய்வில் அவள் நடு எண் 23, அதாவது நிமிடத்துக்கு 92. ஒரு நிமிடம் கயிறு தாண்டி நின்றதும், விரலைப் புள்ளியில் வைத்து எண்ணத் தொடங்குகிறாள். முதல் 15 விநாடியில் 39. அடுத்த 15-இல் 35, அதற்கடுத்து 32, கடைசி 15-இல் 30. முதல் கால் நிமிடத்தைக் கொண்டு சொன்னால் 156. முழு நிமிடமும் எண்ணினால் நான்கையும் கூட்ட வேண்டும்: 136. இரண்டும் சரியான எண்ணிக்கைதான், ஆனால் 20 துடிப்பு வித்தியாசம். முழு நிமிடம் எண்ணுவதுதான் துல்லியம் என்று பலர் சொல்வது ஓய்வில் இருக்கும் நாடிக்குப் பொருந்தும். இறங்கிக்கொண்டிருக்கும் நாடிக்கு அது பொருந்தாது. இதே சிறுமி நாடியைத் தேடுவதில் அரை நிமிடம் தொலைத்திருந்தால் 32 கிடைத்திருக்கும், அதாவது 128. ஒரு நிமிடம் தொலைத்துவிட்டுப் பாதித் துடிப்புகளையும் தவறவிட்டால் ஓய்வு எண்ணுக்கும் கீழே போய்விடும். உங்கள் ஐந்து பேரில் இரண்டு மூன்று பேருக்காவது இதுதான் நடந்திருக்கும்.

அப்படியானால் 15 விநாடியையும் குறைத்து 10 ஆக்கி ஆறால் பெருக்கலாமே என்று தோன்றும். ஆக்கலாம், ஆனால் ஒரு துடிப்பு தவறினால் விடையில் ஆறு தவறும். 15 விநாடியில் ஒன்று தவறினால் நான்குதான் தவறும். விரல் பழகாத பிள்ளைகள் ஒன்றிரண்டு தவறவிடுவது நிச்சயம் என்பதால் 15 விநாடி நல்ல நடுவழி. நான்கால் பெருக்குவதும் அவர்களுக்கு எளிது. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: 92-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பொருள் கிடையாது. அது ஒரே ஒரு துடிப்பு, அடுத்த முறை எண்ணினால் மாறிவிடலாம். பிள்ளைகள் 'என்னுடையது அவனைவிட நான்கு கூட' என்று போட்டி போடும்போது இதைச் சொல்லுங்கள்.

எண்ணுவதிலேயே நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நிமிடத்துக்கு 156 என்றால் விநாடிக்கு இரண்டரைக்கும் மேல். மனத்துக்குள் 'முப்பத்தாறு, முப்பத்தேழு' என்று முழுதாகச் சொல்லி எண்ணினால் ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். ஓய்வில் 23 வரை எப்படியோ சமாளித்த பிள்ளை, ஆடிய பிறகு இருபதைத் தாண்டியதும் பின்தங்குகிறான், ஒன்று விட்டு ஒன்று எண்ணுகிறான், கடைசியில் 27 என்று எழுதுகிறான். துடிப்பு வேகமாக ஆக, எண்ணி வரும் எண் உண்மையைவிட மேலும் மேலும் குறைவாக வரும் என்பதுதான் இதன் கேடு. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மாற்று, எண்ணையே சொல்லாமல் இருப்பது. இருவர் இருவராகப் பிரியுங்கள். ஆடியவர் தன் நாடியைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் 'டக்' என்று மெதுவாகச் சொல்ல, கூட்டாளி தாளில் ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு புள்ளி வைக்கட்டும். நேரம் முடிந்ததும் புள்ளிகளை ஐந்தைந்தாக வட்டமிட்டு எண்ணலாம். பதினொரு இணைகளும் ஒரே இடத்தில் நின்றால் பக்கத்து 'டக்' காதில் விழுந்து குழப்பும், எனவே மைதானத்தில் தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள். கூட்டாளி கிடைக்காத பிள்ளை ஒன்றிலிருந்து பத்துவரை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணி, பத்துக்கொரு முறை ஒரு கால்விரலை மடக்கலாம். நான் பார்த்தவரை கால்விரல் முறையில் சிரிப்புத்தான் அதிகம் வரும், இருந்தாலும் வேலை செய்கிறது.

எண்ணிக்கையை எதில் தொடங்குவது என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள், பூச்சியத்திலா ஒன்றிலா? நீங்கள் விசில் ஊதி நேரத்தைத் தொடங்கினால், விசிலுக்குப் பிறகு வரும் முதல் துடிப்பு ஒன்று. பிள்ளையே கடிகாரத்தைப் பார்த்து, ஒரு துடிப்போடு சேர்த்து நேரத்தைத் தொடங்கினால் அந்தத் துடிப்பு பூச்சியம். வகுப்பில் விசிலே போதும். கைப்பேசியின் நிறுத்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் தொடக்கத்துக்கு ஒரு விசில், முடிவுக்கு ஒரு விசில் கொடுங்கள். இடையில் எதுவும் பேசாதீர்கள்.

கயிற்று ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரு முனைகளும் அக்குள்வரை வர வேண்டும். நீளமாக இருந்தால் சுருட்டிப் பிடித்துக்கொள்ளலாம். சிமெண்ட் தரையைவிட மண் தரை நல்லது. சுற்றிலும் கயிறு மற்றவர் மீது படாத இடைவெளி வேண்டும். ஆட்டம் சரியாக ஒரு நிமிடம் போதும். சிக்கல் என்னவென்றால், ஸ்கிப்பிங் பழகிய பிள்ளை நிமிடம் முழுவதும் தாண்டுவாள், பழகாதவன் மூன்றாவது தாண்டலிலேயே காலில் கயிற்றைச் சிக்கவைத்து நின்று, எடுத்து, மறுபடி தொடங்குவான். பின்னவனின் துடிப்பு அதிகம் ஏறாததற்கு இதயம் காரணமில்லை, அவன் பாதி நேரம் நின்றுகொண்டிருந்தான். பழகாதவர்களைக் கயிறு இல்லாமல், கையை மட்டும் சுழற்றிக்கொண்டு, உங்கள் கைதட்டுக்கு ஏற்பக் குதிக்கச் சொல்லுங்கள். நாடிக்கு வேண்டியது குதிப்பு மட்டும்தான். கூட்டாளி தாண்டல்களையும் எண்ணி எழுதினால், ஒருவருக்கு ஏன் அதிகம் ஏறியது, இன்னொருவருக்கு ஏன் குறைவாக ஏறியது என்று பேச ஒரு பிடி கிடைக்கும்.

நேரத்தை இப்படி ஓட்டுங்கள். 22 பேரையும் ஒரே நேரத்தில் ஆடவிட வேண்டாம். இணையில் ஒருவர் ஆடட்டும், மற்றவர் தாளோடு காத்திருக்கட்டும். விசில், ஒரு நிமிட ஆட்டம், விசில். ஆடியவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, புள்ளியில் விரலை வைக்க வேண்டும். ஐந்து விநாடி கொடுத்துவிட்டு 'எண்ணு' விசில், 15 விநாடி கழித்து 'நிறுத்து' விசில். பிறகு ஆட்டம் நின்றதிலிருந்து இரண்டாவது நிமிடம், மூன்றாவது நிமிடம், ஐந்தாவது நிமிடம் தொடங்கும்போது மீண்டும் 15 விநாடி. அடுத்து இணைகள் மாற வேண்டும். இரண்டு சுற்றும் சேர்ந்து அரை மணிக்குள் முடிந்துவிடும். நம் சிறுமிக்கு 39-க்குப் பிறகு 29, 26, 24 என்று வந்தால், துடிப்பு முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குவது அந்த நான்கு எண்களிலேயே தெரியும். ஐந்தாவது நிமிடத்தில் எல்லோருக்கும் பழைய எண் திரும்பாது. வெக்கையான நாளில் இன்னும் தாமதமாகும்.

வகுப்பறைக்கு வந்ததும் கரும்பலகையில் நீளமாக ஓர் எண்கோடு வரையுங்கள், 30-இலிருந்து 220 வரை. ஒவ்வொருவராக வந்து 'முன்' எண்ணுக்கு மேல் வெள்ளைச் சாக்பீஸாலும், முதல் 'பின்' எண்ணுக்கு மேல் வண்ணச் சாக்பீஸாலும் ஒரு புள்ளி வைக்கட்டும். பெயர் வேண்டாம். வெள்ளைப் புள்ளிகள் 80, 90 பக்கம் ஒரு குவியலாகவும், வண்ணப் புள்ளிகள் பெரும்பாலும் 130-க்கும் 180-க்கும் இடையில் பரந்த குவியலாகவும் விழும். 40, 210 போன்ற எண்கள் வந்தால் தனியே நிற்கும், அவற்றைச் சந்தேகிக்க நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் புள்ளிகளை அழிக்காமல், 'இது எப்படி வந்திருக்கும்?' என்று கேளுங்கள். புள்ளிக்குரியவரின் தாளில் முதல் கட்டத்தைப் பார்த்தால் விடை அங்கே இருக்கும். சராசரி கண்டுபிடிப்பதைவிட இந்தக் குவியல் பத்து வயதுக்கு நன்றாகப் பேசுகிறது என்பது என் அனுபவம். யாருக்குக் குறைவாக ஏறியது, யாருக்குச் சீக்கிரம் இறங்கியது என்று தரவரிசை போட மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஒரு நிமிட ஆட்டத்தையும் 15 விநாடி எண்ணிக்கையையும் வைத்து ஒரு பிள்ளையின் உடல்தகுதியைச் சொல்ல முடியாது.

கூர்மையான பிள்ளை ஒருவர் கட்டாயம் வந்து, 'டீச்சர், என் நாடி ஒரே சீராக இல்லை, வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறித் துடிக்கிறது' என்பார். மூச்சைக் கவனித்துக்கொண்டு எண்ணச் சொல்லுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தணிவதும் பிள்ளைகளிடம் நன்றாகவே தெரியும். அது இயல்பானது. நாடியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டால், சுண்டைக்காய் அளவு களிமண்ணில் இரண்டு அங்குல ஈர்க்குச்சியைக் குத்தி மணிக்கட்டுப் புள்ளியில் நிறுத்திக் காட்டுங்கள். கையை அசைக்காமல் வைத்திருந்தால் குச்சியின் நுனி துடிப்புக்குத் துடிப்பு ஆடும்.

ஆட விடக் கூடாதவர்களை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள பிள்ளை, இழுப்பு வரும் பிள்ளை, காய்ச்சலிலிருந்து இப்போதுதான் எழுந்த பிள்ளை, அன்று சாப்பிடாமல் வந்த பிள்ளை ஆகியோருக்கு விசிலையும் கடிகாரத்தையும் கொடுத்துவிடலாம். நேரக் காப்பாளர் வேலைக்கு வகுப்பில் எப்போதும் போட்டி உண்டு என்பதால் யாரும் ஒதுக்கப்பட்டதாக நினைக்க மாட்டார்கள். ஓய்வு நாடியை அவர்களும் எண்ணலாம். ஆட்டத்தின் நடுவே நெஞ்சு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் அவருக்கு ஆட்டம் அத்துடன் முடிந்தது. உட்கார வைத்துவிட்டு அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எண்ணும் தவறுகளையெல்லாம் களைந்த பிறகும் ஒரு பிள்ளையின் ஓய்வு எண் மற்றவர்களிடமிருந்து வெகுதூரம் விலகியே நின்றால், நீங்களே தனியாக உட்கார வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வேறொரு நாளும் எண்ணுங்கள். ஓய்வில் 120-க்கு மேலோ 60-க்குக் கீழோ திரும்பத் திரும்ப வந்தால், வகுப்பில் எதுவும் பேசாமல், தேதியோடு அந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவின் மருத்துவரிடமும் அதே சீட்டைக் காட்டலாம். இரத்தசோகை, காய்ச்சலின் தொடக்கம், வெறும் பயம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.